ஸ்பாட்டரில் நாலு தப்பு: நீடில் ஹோல்டர், ஓவம், கோக்கர், ஊதா நூல். எப்படி மனதில் நிறுத்துவது?

கொக்கிரகுளம்_கடைசி_வருஷம்

எல்லோருக்கும் வணக்கம். எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம் படிக்கிறேன். போன வாரம் சர்ஜரியும் ஓ.ஜி.யும் சேர்த்து இன்டர்னல் ஸ்பாட்டர் வைத்தார்கள். பத்து டேபிள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம், மணி அடித்தால் நகர வேண்டும். பெயர் எழுதி, இரண்டு உபயோகமும் எழுத வேண்டும். கருவியைத் தொடக் கூடாது.

நாலு தப்பு விட்டேன். நீடில் ஹோல்டரைப் பார்த்து ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்று எழுதினேன். ஓவம் ஃபோர்செப்ஸை ஸ்பான்ஜ் ஹோல்டிங் என்று எழுதினேன். கோக்கரையும் ஆர்ட்டரி என்றே எழுதினேன். கடைசி டேபிளில் அட்டையில் சுற்றிய ஊதா நூல் மட்டும் இருந்தது, பாக்கெட் இல்லை. விக்ரில் என்று எழுதினேன். அது பி.டி.எஸ்.ஸாம்.

என்னிடம் எண்பது கருவிகளின் படம் இருக்கிறது. அகர வரிசையில் அடுக்கி தினமும் இரண்டு தடவை பார்க்கிறேன். போனில் பார்க்கும்போது எல்லாம் தெரிகிறது, டேபிளில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கிறது. பன்னிரண்டு நாளில் ப்ராக்டிகல். எப்படிப் படித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

வண்ணாரப்பேட்டை வேகம்

தம்பி, ரொம்ப யோசிக்காதே. நான் மூன்று அடையாளத்தில் தாண்டினேன். பிடி தங்க நிறமாக இருந்தால் நீடில் ஹோல்டர். நுனி வளைந்திருந்தால் ஆர்ட்டரி. ஊதா என்றால் விக்ரில், நீலம் என்றால் ப்ரோலின், கருப்பு என்றால் சில்க். பத்துக்கு எட்டு வந்துவிடும்.

பாளை தியேட்டர் சிஸ்டர்

வேகம் தம்பி சொன்னது பாதி சரி. ஆனால் அந்த மீதிப் பாதியில்தான் இந்தத் தம்பி விழுந்திருக்கிறார். தியேட்டரில் இருபத்திரண்டு வருஷமாக செட் போடுகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

தங்க நிறப் பிடி என்றால் வாய்ப்பகுதியில் டங்ஸ்டன் கார்பைடு தகடு பதித்திருக்கிறது என்று அர்த்தம். கத்திரிக்கோலிலும் தங்கப் பிடி வரும். காலேஜ் டேபிளில் வைப்பது பெரும்பாலும் பழைய, சாதாரண ஸ்டீல் ஹோல்டர். அதில் தங்கத்தைத் தேடினால் கிடைக்காது. வளைவும் அப்படித்தான். ஆர்ட்டரியில் நேரானதும் உண்டு, வளைந்ததும் உண்டு. நேரான ஆர்ட்டரியை வைத்துவிட்டால் என்ன செய்வாய்?

கருவியை மொத்தமாகப் பார்க்காதே தம்பி. நுனியிலிருந்து வளையம் வரைக்கும் கண்ணை நடத்து. நுனி, வாய், மூட்டு, பூட்டு, இந்த வரிசை மாறவே கூடாது. உன் படத்தில் எல்லாக் கருவியும் ஒரே அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். அதனால் கண் மொத்த உருவத்தைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது, அந்த உருவம் முக்கால்வாசிக் கருவிகளுக்கு ஒன்றுதான்.

நீடில் ஹோல்டரை எடுத்துக்கொள். மூட்டிலிருந்து நுனி வரை உள்ள வாய், மொத்த நீளத்தோடு ஒப்பிட்டால் ரொம்பக் குட்டை, தடி. ஆர்ட்டரியில் வாய் நீளம், நுனிக்குப் போகப் போக மெலியும். ஹோல்டரின் வாய் ஏன் குட்டை? ஊசி வழுக்காமல் நிற்க வேண்டும். கைப்பிடி நீளமாகவும் வாய் குட்டையாகவும் இருந்தால் அதே கை அழுத்தம் நுனியில் பலமாக இறங்கும். பாக்குவெட்டியில் பாக்கை மூட்டுப் பக்கம் தள்ளி வைப்பது எதற்கு என்று வீட்டில் கேட்டுப் பார், அதே கணக்குதான்.

அடுத்து வாயின் உள்பக்கம். ஆர்ட்டரியில் கோடுகள் குறுக்கே, ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். ஹோல்டரில் குறுக்கும் நெடுக்குமாக, பாய் முடைந்த மாதிரி இருக்கும். சிலவற்றில் நடுவில் ஒரு பள்ளமும் ஓடும். எல்லா ஹோல்டரிலும் பள்ளம் இருக்காது, அதனால் அதை மட்டும் நம்பாதே. பழைய கருவியில் இந்தக் கோடுகள் தேய்ந்தே போயிருக்கும். அப்போது கை கொடுப்பது வாயின் நீளம் ஒன்றுதான், அது தேயாது.

களக்காடு மகன்

தொந்தரவுக்கு மன்னியுங்கள். நூலைப் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். என் மனைவிக்கு சிசேரியன் ஆகி ஒன்பது நாள். உள்ளே போட்டது கரையும் நூல் என்றார்கள். ஆனால் வயிற்றின் மேலே கருப்பு நூல் அப்படியே நிற்கிறது, கரையவே இல்லை. கரையும் நூலை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.

சுரண்டை பி.ஜி.

அண்ணே, மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. ஒரே ஆபரேஷனில் இரண்டு மூன்று விதமான நூல் போடுவோம். கர்ப்பப்பைக்கு உள்ளே போடுவது கரையும். தோலில் வெளியே தெரியும் கருப்பு நூல் பெரும்பாலும் கரையாத வகை, அதைப் பிரித்து எடுக்க வேண்டும். எந்த நாளில் எடுப்பது என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். ஆபரேஷன் செய்த இடத்திலேயே நாளைக்குக் காட்டுங்கள். வீட்டில் கத்திரிக்கோல் வைக்க வேண்டாம். காய்ச்சல், சிவப்பு, நீர் கசிவு ஏதாவது இருந்தால் நாளை வரை காத்திருக்காமல் இன்றைக்கே போங்கள்.

தம்பி, நீயும் இதைக் கவனி. நூலைக் காட்டி உபயோகம் கேட்டால் ‘தையல் போட’ என்று எழுதினால் மார்க் இல்லை. எந்த அடுக்கில் போடுவது என்று எழுத வேண்டும். அண்ணன் வீட்டில் நடந்ததை அப்படியே ஞாபகம் வைத்துக்கொள். உள்ளே கர்ப்பப்பை, அங்கே கரைய வேண்டும். வெளியே தோல், அங்கே எடுத்துவிடலாம்.

களக்காடு மகன்

ரொம்ப நன்றி டாக்டர். சீட்டில் பத்தாம் நாள் என்று போட்டிருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். காய்ச்சல் எதுவும் இல்லை. நாளைக்குக் கூட்டிப் போகிறேன்.

கொக்கிரகுளம்_கடைசி_வருஷம்

சிஸ்டர், இன்றைக்கு லேபில் வாய் நீளத்தைப் பார்த்தேன். எட்டு கருவியைக் கலந்து போட்டுப் பிரித்தேன், எட்டும் சரியாக வந்தது. ஓவமும் கோக்கரும் எப்படி? கோக்கருக்கு நுனியில் பல் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் டேபிளில் இருந்ததில் பல்லே தெரியவில்லை.

பாளை தியேட்டர் சிஸ்டர்

கோக்கர் மூடி வைத்திருந்தால் பல் வெளியே தெரியாது. ஒரு தாடையில் ஒற்றைப் பல், எதிர்த் தாடையில் இரண்டு பல். மூடும்போது ஒற்றைப் பல் அந்த இரண்டுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கவாட்டில் பார்த்தால் நுனி ஆர்ட்டரி மாதிரி மெலிந்து முடியாமல், சின்னதாக ஒரு கொக்கி உள்ளே மடங்கிய மாதிரி மழுங்கி நிற்கும். டேபிளைச் சுற்றி ஒரு அடி நகர்ந்து நுனியை நேர் எதிரே இருந்து பார். தொடக் கூடாது என்றுதான் சொல்வார்கள், குனிந்து பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றும் நடக்கும். ரொம்ப வருஷம் உழைத்த கோக்கரில் ஒற்றைப் பல் ஒடிந்திருக்கும். அப்படி ஒன்று ஒரு தடவை ஆர்ட்டரி கட்டோடு சேர்ந்து என் டிரம்முக்கு வந்துவிட்டது, பாக் செய்த பையன் ஆர்ட்டரி என்றே எண்ணிவிட்டான். எதிர்த் தாடையில் இரண்டு பல்லும் நடுப் பள்ளமும் அப்படியே இருந்ததால்தான் கண்டுபிடித்தேன். அதனால் பல்லை மட்டும் தேடாமல் பள்ளத்தையும் தேடு.

உபயோகம் எழுதும்போது எந்த டேபிளில் நிற்கிறாய் என்று பார்த்துக்கொள். சர்ஜரி டேபிள் என்றால், உள்ளங்கை, உள்ளங்கால், தலைத்தோல் மாதிரி கெட்டியான இடத்தில் பின்வாங்கி ஒளியும் ரத்தக்குழாயைப் பிடிக்க. ஓ.ஜி. டேபிள் என்றால் பனிக்குடம் உடைக்க, தொப்புள்கொடியைப் பிடிக்க, கர்ப்பப்பை எடுக்கும்போது பக்கவாட்டுக் கட்டுகளைப் பிடிக்க. கருவி ஒன்றுதான், எதிர்பார்க்கும் பதில் மாறும்.

ஓவம் விஷயம் இன்னும் சுலபம். நுனியில் தொடங்காமல் நேரே வளையத்துக்குப் போ, என் வரிசைக்கு அது ஒன்றுதான் விதிவிலக்கு. இரண்டு விரல் வளையத்துக்கு நடுவே பல் வைத்த பூட்டு இருந்தால் ஸ்பான்ஜ் ஹோல்டிங். பூட்டே இல்லையென்றால் ஓவம். அதற்கப்புறம் நுனியைப் பார்த்து உறுதி செய்துகொள். ஸ்பான்ஜ் ஹோல்டரின் ஓட்டை வைத்த நுனியில் குறுக்குக் கோடுகள் இருக்கும், பஞ்சு நழுவக் கூடாதே. ஓவத்தின் நுனி கரண்டி மாதிரி குழிந்து வழவழவென்று இருக்கும்.

பூட்டு ஏன் இல்லை என்று வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். கலைந்த கருவின் மிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே துழாவி எடுக்கும் கருவி அது. கர்ப்பப்பை தெரியாமல் ஓட்டையாகி, குடலோ கொழுப்புத் திரையோ வாயில் மாட்டினால், பூட்டு இருந்தால் நசுங்கிவிடும். பூட்டு இல்லாததால் கை அழுத்தம் அளவோடு நிற்கும், விட்டதும் விலகிவிடும். இந்தக் காரணம் ஒரு தடவை மனதில் ஏறினால் பெயரைத் தனியாகப் படிக்க வேண்டாம்.

ராமையன்பட்டி கால்நடை

நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். எங்களுக்கும் அல்லிஸ், பாப்காக், கோக்கர் எல்லாம் ஸ்பாட்டரில் வரும். அல்லிஸையும் பாப்காக்கையும் நான் சிஸ்டர் சொல்கிற மாதிரியே நுனியில்தான் பிரித்தேன். அல்லிஸ் நுனியில் பொடிப் பொடியாகப் பல் கோத்திருக்கும், தோலையும் கெட்டியான உறையையும் பிடிக்கும். பாப்காக்கில் பல் கிடையாது, நுனி வளைந்து நடுவே சன்னல் மாதிரி திறந்திருக்கும். குடல்வாலோ சினைக்குழாயோ நசுங்காமல் அந்த இடைவெளிக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

கேட்கட்டும் எங்கள் டேபிளில் உண்டு. பூனைக் குடல் என்று எழுதாதீர்கள், என் வகுப்பில் இருவர் எழுதினார்கள். ஆட்டுக் குடலின் சப்மியூகோசாவிலிருந்து எடுப்பது. வெளிர் மஞ்சளாக இருந்தால் ப்ளெயின், பழுப்பாக இருந்தால் குரோமிக்.

பாளை தியேட்டர் சிஸ்டர்

சரியாகச் சொன்னாய் தம்பி. எங்கள் தியேட்டரில் கேட்கட் வாங்கி ரொம்ப வருஷம் ஆகிறது, ஆனால் டேபிளில் மட்டும் இன்னும் வைக்கிறார்கள். பாக்கெட்டுக்குள் ஈரமாகத் திரவம் இருந்தால் அது கேட்கட் என்று எடுத்துக்கொள்ளலாம். காய்ந்தால் முறுக்கிப் போகும் என்று ஆல்கஹாலில் வைத்திருப்பார்கள்.

உவரி அலைக்காரி

ஊதா நூலுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். அப்பா கடலுக்குப் போகிறவர், சின்ன வயதிலிருந்தே வலை நரம்புக்கும் முறுக்கு நூலுக்கும் வித்தியாசம் பார்த்து வளர்ந்தேன். எனக்கு நூல் ஸ்பாட்டர் அப்படித்தான் பிடிபட்டது.

நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால், இது தூண்டில் நரம்பு மாதிரி ஒற்றை இழையா, பின்னல் கயிறா என்று பாருங்கள். ஒற்றை இழை வெளிச்சத்தில் ஒரே கோடாகப் பளபளக்கும். அட்டையிலிருந்து எடுத்தாலும் சுற்றிய மடிப்பு அப்படியே நிற்கும், முனை ஸ்பிரிங் மாதிரி எழும்பும். பின்னல் நூல் மங்கலாக இருக்கும், மேஜையில் பூ கட்டும் நூல் மாதிரி தளர்ந்து படுத்துவிடும்.

இதற்கப்புறம் நிறம். ஊதாவும் பின்னலும் சேர்ந்தால் விக்ரில், அதாவது பாலிக்ளாக்டின் 910. ஊதாவும் ஒற்றை இழையும் என்றால் பி.டி.எஸ். கருப்பும் பின்னலும் என்றால் சில்க். கருப்பும் ஒற்றை இழையும் என்றால் நைலான். வேகம் அண்ணன் கருப்பு என்றால் சில்க் என்றார், அங்கே எனக்கே ஒரு தடவை மார்க் போயிருக்கிறது. நீலமும் ஒற்றை இழையும் பெரும்பாலும் ப்ரோலின், ஆனால் நீலத்திலும் நைலான் போடும் கம்பெனி உண்டு. பாக்கெட் இல்லாமல் நீலத்தை வைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

உங்கள் டேபிளில் அந்த ஊதா நூல் சுருண்டு எழும்பி நின்றதா, படுத்துக் கிடந்ததா?

கொக்கிரகுளம்_கடைசி_வருஷம்

அக்கா, எழும்பித்தான் நின்றது. முனை அட்டைக்கு மேலே வளையம் மாதிரி தூக்கிக்கொண்டு இருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊதா என்று கண்ணில் பட்டதும் அதற்கு மேல் பார்க்கவே இல்லை.

சுரண்டை பி.ஜி.

பி.டி.எஸ். உள்ளே முழுதாகக் கரைய ஆறு மாசத்துக்கு மேல் ஆகும், விக்ரில் இரண்டு மாசம், இரண்டரை மாசத்துக்குள் போய்விடும். ஒரே நிறம் என்பதால் மாற்றி எழுதினால் உபயோகமும் சேர்ந்து தப்பாகும், இரண்டு மார்க் போகும்.

பாக்கெட்டோடு வைத்தால் எப்படி வாசிப்பது என்று ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன். இப்போது என் கையில் இருப்பது ஊதா நிற விக்ரில் பாக்கெட். முதலில் பெரிதாகத் தெரிவது 1 என்ற எண். இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். 1 வேறு, 1-0 வேறு. 1-0 என்பது ஒரு பூஜ்யம், 2-0 என்றால் இரண்டு பூஜ்யம், 3-0 என்றால் மூன்று. பூஜ்யம் கூடக் கூட நூல் மெலியும். வெறும் 1 என்றால் பூஜ்யத்துக்கு மேலே, தடி நூல். இந்தப் பாக்கெட்டில் பக்கத்திலேயே மெட்ரிக் 4 என்று போட்டிருக்கிறது, கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் தடிமன் என்று அர்த்தம். 3-0 விக்ரிலில் அது 2 என்று இருக்கும், இதில் பாதி.

அடுத்தது நூல் நீளம், 90 செ.மீ. அதன் கீழே ஊசியின் படம். அரை வட்டம், 40 மி.மீ. அதற்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அது ரவுண்ட் பாடி ஊசி, திசுவை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். முக்கோணம் இருந்தால் கட்டிங் ஊசி, தோலுக்கு. முக்கோணம் தலைகீழாக இருந்தால் ரிவர்ஸ் கட்டிங்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார். தடியான நூல், பெரிய அரை வட்ட ஊசி, வெட்டாத முனை, கரையும் வகை. இதைக் கொண்டு முகத்தோலைத் தைக்க முடியுமா? முடியாது. சிசேரியனில் கர்ப்பப்பையை மூட, வயிற்றில் ரெக்டஸ் உறையை மூட என்று பதில் அந்தப் பாக்கெட்டிலிருந்தே வந்துவிடும். அந்த ஊசிக்குறி ஒன்றைப் பார்த்தாலே தோலா, உள்ளேயா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வண்ணாரப்பேட்டை வேகம்

ஊசிக்குறியை நான் பார்த்ததே இல்லை டாக்டர், நல்ல விஷயம். ஆனால் பாக்கெட் நிறம் போதும் என்பதை நான் விட மாட்டேன். வெளிர்நீலப் பாக்கெட் சில்க், பச்சைப் பாக்கெட் நைலான். அதுதான் எனக்குச் சீக்கிரம் வந்தது.

சுரண்டை பி.ஜி.

அது ஒரு கம்பெனியின் நிறம். எங்கள் தியேட்டரில் போன வருஷம் வேறு கம்பெனிக்கு மாறினார்கள், நிறமெல்லாம் மாறிப்போனது. டேபிளில் எந்தக் கம்பெனி வரும் என்று சொல்ல முடியாது. பெயரிலும் அதே கதைதான். விக்ரில் என்று எழுதி நிறுத்தாமல் பாலிக்ளாக்டின் 910 என்றும் சேர்த்து எழுது, அதை யாரும் மறுக்க முடியாது.

ராமையன்பட்டி கால்நடை

சில்க் பற்றி ஒரு கேள்வி. கரையாத நூல் என்று படிக்கிறோம். ஆனால் உடம்புக்குள் ஒரு வருஷத்தில் பலம் போய், இரண்டு வருஷத்தில் தேடினால் கிடைக்காது என்றும் சொல்லித் தருகிறார்கள். அப்படியென்றால் எதை எழுதுவது?

சுரண்டை பி.ஜி.

இரண்டையும் எழுதுவேன். கரையாத வகை, ஆனால் மெதுவாகப் பலம் இழக்கும் என்று. உண்மை அதுதானே.

பாளை தியேட்டர் சிஸ்டர்

டாக்டர் சொல்வது உண்மை, ஆனால் ஒரு நிமிஷ டேபிளில் இரண்டாவது வரி குழப்பத்தைத்தான் கொண்டுவரும். திருத்துகிறவர் ‘கரையாதது’ என்ற சொல்லைத் தேடுவார். அதை மட்டும் எழுதட்டும், மற்றதை வைவாவில் வாயால் சொல்லட்டும்.

உவரி அலைக்காரி

எனக்குத் திருத்தியவர் இரண்டாவது வரிக்கு அரை மார்க் கூடப் போட்டார். ஆளைப் பொறுத்தது என்றுதான் தோன்றுகிறது.

கொக்கிரகுளம்_கடைசி_வருஷம்

நாலு நாள் கழித்து எழுதுகிறேன். எண்பது படங்களையும் மூடி வைத்துவிட்டேன். ஒரு நோட்டில் நுனிகளை மட்டும் வரைகிறேன், பக்கத்துக்கு ஒரு ஜோடி: ஆர்ட்டரியும் ஹோல்டரும், ஆர்ட்டரியும் கோக்கரும், ஸ்பான்ஜும் ஓவமும், அல்லிஸும் பாப்காக்கும். படம் வரைய எனக்கு வராது, இருந்தாலும் கோக்கரின் பள்ளத்தைக் கையால் வரைந்த பிறகு அது மறக்கவில்லை. நேற்று ரூம் நண்பன் பத்து வைத்தான், ஒன்பது சரி. விழுந்தது லேன் டிஷ்யூ ஃபோர்செப்ஸ். சன்னல் இருந்ததால் பாப்காக் என்று எழுதிவிட்டேன்.

பாளை தியேட்டர் சிஸ்டர்

சன்னலைப் பார்த்தாய், விளிம்பைப் பார்க்கவில்லை. லேன் நுனியில் பல் இருக்கும், கருவியே தடியாக, கனமாக இருக்கும். பாப்காக் மெலிசு, பல் கிடையாது. அந்த ஜோடியையும் நோட்டில் சேர்த்துக்கொள்.

இன்னொன்றும் செய். மதியம் கேஸ் முடிந்ததும் உங்கள் ஆஸ்பத்திரி தியேட்டரில் கருவியெல்லாம் கழுவித் துடைத்து, டிரம்மில் செட் போடும் நேரம் வரும். இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு ஒரு மணி நேரம் கூட இருந்து நீயே செட் போட்டுக் கொடு. டேபிளில் ஒன்றுதான் வைப்பார்கள். அங்கே ஆர்ட்டரி மட்டும் ஒரு டஜனுக்கு மேல் கையில் வரும், அதற்கு நடுவில் ஒரு ஹோல்டர் வந்தால் கண்ணுக்கு முன்னால் கையே நின்றுவிடும்.

கொக்கிரகுளம்_கடைசி_வருஷம்

கேட்டேன் சிஸ்டர். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பல் ஒடிந்த கோக்கர் அங்கே ஒன்று இருக்கிறதாம், எனக்காக எடுத்து வைப்பதாகச் சொன்னார்கள்.